இரண்டாம் தொற்றை உடல் ஏன் சீக்கிரம் அடக்குகிறது: எதிர்ப்பொருள், தடுப்பூசி பயிற்சித்தாளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரே கிருமி இரண்டாம் முறை வரும்போது உடல் ஏன் அதைச் சீக்கிரம் விரட்டுகிறது என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் "எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கிறது" என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். பாதி விடைதான் அது. எதிர்ப்பொருளின் அளவு இரண்டாம் முறை ஏன் அவ்வளவு வேகமாக, அவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதில் செல்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

14 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்கு இந்தப் பயிற்சித்தாளைத் தயாரித்து நடத்தும் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் மாணவரும் இதே வரிசையில் போகலாம். இரண்டு வகுப்பு நேரம் தேவைப்படும். படி 4 வரை முதல் வகுப்பில் முடித்துவிட்டு, வரைபடத்தை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்வது நல்லது.

வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். தடுப்பூசியில் தொடங்கினால் மாணவர்கள் கேள்விப்பட்டதையெல்லாம் பேசுவார்கள், செல்களிடம் வந்து சேரவே மாட்டார்கள். வரைபடத்தில் தொடங்கினால் கோட்டின் வடிவத்தை மனப்பாடம் செய்துகொள்வார்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

பொருட்கள் அதிகம் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வரைபடத்தாள், பென்சில், அடிக்கோல். இரண்டு பேருக்கு ஒரு கத்தரிக்கோலும் கொஞ்சம் கெட்டி அட்டையும்.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை மூன்று. ஒரு செல் இரண்டாகப் பிரியும், அப்படிப் பிறந்த இரண்டும் மறுபடி பிரியும். புரதத்துக்குத் தனக்கென்று ஒரு வடிவம் உண்டு, அந்த வடிவத்தால்தான் அது வேலை செய்கிறது. இரத்த வெள்ளையணுக்களில் பல வகை உண்டு. இந்த மூன்றில் மாணவர்கள் தடுமாறுவது இரண்டாவதில். புரதத்தின் வடிவம் பற்றிய எண்ணம் இல்லாதவருக்கு, ஒரு எதிர்ப்பொருள் ஏன் ஒரு கிருமியிடம் மட்டும் வேலை செய்கிறது என்பது புரியாது. ஐந்து நிமிடம் செலவழித்து இதைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள்.

2. ஆன்டிஜென் எது, எதிர்ப்பொருள் எது என்று பிரிக்கவும்

பயிற்சித்தாளின் முதல் கேள்வி இரண்டையும் பிரிப்பதாக இருக்கட்டும். கிருமியின் மேற்பரப்பில் இருக்கும், உடல் அந்நியம் என்று கண்டுகொள்ளும் மூலக்கூறு ஆன்டிஜென். அதைப் பிடிப்பதற்காக நம் செல்கள் செய்து வெளியே விடும் புரதம் எதிர்ப்பொருள். ஒன்று வந்தவருடையது, மற்றொன்று நம்முடையது.

எதிர்ப்பொருளின் படத்தை இரண்டு கைகளை மேலே விரித்த கவட்டை வடிவில் வரையச் சொல்லுங்கள். இரண்டு கைகளின் நுனியிலும் ஒரே மாதிரியான பிடிக்கும் இடம் இருக்க வேண்டும். ஒரு கையில் முக்கோணம், மற்றொரு கையில் வட்டம் என்று வரைகிற மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். அங்கேயே திருத்திவிடுங்கள். விட்டால், ஒரு எதிர்ப்பொருள் இரண்டு நோய்களைத் தடுக்கும் என்ற முடிவுக்கு அவர் போய்ச் சேருவார்.

அடுத்து, எதிர்ப்பொருள் என்ன செய்கிறது? அது கிருமியை விழுங்குவதில்லை. கிருமியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதால் கிருமியால் நம் செல்லுக்குள் நுழைய முடியாமல் போகலாம். ஒட்டிய கிருமிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகலாம். விழுங்கும் வெள்ளையணுக்களுக்கு அந்தக் கிருமியை அடையாளம் காண்பதும் எளிதாகிறது. "எதிர்ப்பொருள் கிருமியைத் தின்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று தாளிலேயே அச்சடித்து வைக்கலாம். அவ்வளவு பரவலான பிழை இது.

3. ஒரு செல்லுக்கு ஒரே வடிவம்

அட்டை வெட்டும் வேலை இங்கேதான். ஒவ்வொரு மாணவரும் ஓர் அட்டையில் தனக்குப் பிடித்த பள்ளம் ஒன்றை வெட்டட்டும். சதுரப் பள்ளம், கூர்ப்பள்ளம், அலைபோன்ற பள்ளம், எதுவானாலும் சரி. யாரும் பக்கத்தில் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு அட்டையும் ஒரு பி செல். இந்த வகை வெள்ளையணுதான் எதிர்ப்பொருள் செய்யும் வழியில் போகக்கூடியது.

எல்லோரும் வெட்டி முடித்த பிறகு, நீங்கள் முன்பே ஒளித்து வைத்திருந்த ஆன்டிஜென் அட்டையை எடுங்கள். எத்தனை பேருடைய பள்ளத்தில் அது பொருந்துகிறது? பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ. சில நேரம் ஒன்றுமே இருக்காது.

மாணவர்கள் வெட்டிய பிறகுதான் ஆன்டிஜெனை வெளியே எடுக்க வேண்டும். காரணம், உடலிலும் அப்படித்தான். கிருமியைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப ஒரு செல் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு உருவாவதில்லை. கிருமி வருவதற்கு முன்பே எண்ணற்ற வடிவங்களில் பி செல்கள் உருவாகி இருக்கின்றன. கிருமி வந்ததும் பொருந்துகிற செல் தேர்வாகிறது. அப்படித் தேர்வான செல்தான் பெருகுகிறது.

ஒரு புதிய ஆன்டிஜெனுக்குப் பொருந்தும் பி செல் மிக அரிது. லட்சத்தில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. அடுத்த படியின் அச்சாணி இந்த அரிதான எண்ணிக்கைதான், அதனால் இதைத் தாளில் கட்டம் கட்டி எழுதச் சொல்லுங்கள்.

பூட்டும் சாவியும் என்ற உவமை பாடப்புத்தகங்களில் இருக்கிறது. பொருத்தத்தைக் காட்ட அது போதும். ஆனால் பொருந்திய சாவி தன்னைப்போல் ஆயிரம் சாவிகளைப் பெற்றுப்போடாது. இந்தப் பாடத்தின் உயிரே அந்தப் பெருக்கத்தில் இருக்கிறது. அதனால் நான் அட்டையைத்தான் பயன்படுத்துவேன். பொருந்திய அட்டையை வைத்து அதே வடிவில் எல்லோரும் பிரதி வெட்டலாம், பெருக்கம் கண்ணெதிரே நடக்கும்.

உடலில் இந்தத் தேர்வுக்கு உதவி டி செல் என்ற இன்னொரு வெள்ளையணுவின் ஒப்புதலும் பெரும்பாலும் தேவை. ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். இங்கே விரித்தால் நூல் அறுந்துபோகும்.

4. இரட்டிப்புக் கணக்கு

பயிற்சித்தாளின் நடுப்பகுதி இது. அவசரப்பட வேண்டாம்.

எளிமைக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்கிறோம், உண்மையான உடலில் அளந்தவை அல்ல என்று மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் இவற்றின் போக்கு உண்மையானது.

- ஒரு புதிய கிருமிக்குப் பொருந்தும் பி செல்கள்: 10
- பொருந்திய செல் தூண்டப்பட்டுப் பிரியத் தொடங்க ஆகும் நேரம்: 2 நாள்
- அதன் பிறகு ஒவ்வொரு 12 மணி நேரத்துக்கும் எண்ணிக்கை இரட்டிப்பாகும்
- இரத்தத்தில் அளக்கும்படி எதிர்ப்பொருள் தெரிய வேண்டுமானால் 40,960 செல்கள் வேண்டும்

இப்போது மாணவர்கள் கையால் இரட்டிப்பு வரிசையை எழுதட்டும்:

10, 20, 40, 80, 160, 320, 640, 1,280, 2,560, 5,120, 10,240, 20,480, 40,960

மொத்தம் 12 இரட்டிப்புகள். ஒன்றுக்கு 12 மணி நேரம் என்றால் 6 நாள். தூண்டப்பட 2 நாள். ஆக, முதல் தொற்றில் எதிர்ப்பொருள் தெரியவே 8 நாள் ஆகிறது.

இங்கே ஒரு பிழை கட்டாயம் வரும். வரிசையில் 13 எண்கள் இருப்பதைப் பார்த்து 13 இரட்டிப்பு என்று எண்ணிவிடுவார்கள். இரட்டிப்பு என்பது இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள தாவல். எண்களுக்கு நடுவே சிறு அம்புக்குறி போட்டு, அம்புகளை எண்ணச் சொன்னால் தீர்ந்தது.

அடுத்த கேள்வி: நோய் அடங்கிய பிறகு இந்தச் செல்கள் என்ன ஆகின்றன? பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. எதிர்ப்பொருளை வெளியே விட்டுக்கொண்டிருந்த பிளாஸ்மா செல்களில் பெரும்பகுதி சில நாட்களில் அழிகின்றன. ஒரு சிறு பகுதி எலும்பு மஜ்ஜையில் தங்கி நெடுங்காலம் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பொருள் செய்துகொண்டிருக்கும். இன்னொரு பகுதி எதிர்ப்பொருள் எதையும் வெளியே விடாமல் காத்திருக்கும். இந்தக் காத்திருக்கும் செல்கள்தான் நினைவு செல்கள்.

64 செல்லில் 1 மட்டும் நினைவு செல்லாக மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40,960ஐ 64ஆல் வகுத்தால் 640. அதாவது, நோய்க்கு முன்பு 10 செல்கள் இருந்த இடத்தில் இப்போது 640.

சரி, அதே கிருமி மறுபடி வருகிறது. மாணவர்களைப் புது வரிசை எழுத விடாதீர்கள். ஏற்கெனவே எழுதிய வரிசையிலேயே 640 எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். நடுவில் இருக்கிறது. அங்கிருந்து 40,960க்கு 6 தாவல்கள்தான், அதாவது 3 நாள். நினைவு செல்கள் தூண்டப்படுவதும் எளிது, அதற்கு 1 நாள் கொடுப்போம். மொத்தம் 4 நாள்.

8 நாள் 4 நாளாகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: செல் பிரியும் வேகத்தை நாம் மாற்றவே இல்லை. அதே 12 மணி நேரம்தான். "இரண்டாம் முறை செல்கள் வேகமாகப் பிரிகின்றன" என்று எழுதும் மாணவரிடம் இந்த வரிசையைக் காட்டுங்கள். இந்தக் கணக்கில் மிச்சமான 4 நாளில் 3 நாள் பாதி வழியில் தொடங்கியதால் வந்தது, 1 நாள் சீக்கிரம் தூண்டப்பட்டதால் வந்தது. இந்தப் பிரிப்பை மாணவர் தானாகவே கண்டுபிடிக்கும்படி ஒரு கேள்வி வையுங்கள். தாளில் இதைவிட நல்ல கேள்வி இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு போட்டியைச் சேருங்கள். நாம் பெருகும்போது கிருமியும் பெருகுகிறது. இந்தக் கிருமி அறிகுறி காட்டும் அளவுக்குப் பெருக 7 நாள் ஆகும் என்று வைப்போம். முதல் முறை எதிர்ப்பொருள் 8ஆம் நாள் வருகிறது, எனவே நோய் வந்துவிட்டது. இரண்டாம் முறை 4ஆம் நாளே வந்துவிடுகிறது. கிருமி உடலுக்குள் நுழைந்தது உண்மை, தொற்றும் நடந்தது, ஆனால் அறிகுறி தெரியும் முன்பே அடங்கிவிட்டது. "நோய் எதிர்ப்பு இருந்தால் கிருமி உள்ளேயே வராது" என்ற எண்ணம் இந்த இடத்தில் உடையும்.

5. வரைபடம் வரைதல்

இப்போதுதான் வரைபடத்தாளை எடுக்க வேண்டும். செல்களை எண்ணி முடித்தவருக்கு ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் கையில் இருக்கும்.

கீழே உள்ளவை பயிற்சிக்காக நான் அமைத்த எண்கள். இரண்டாம் தொற்று 60ஆம் நாள் நடக்கிறது.

| தொற்றுக்குப் பின் நாள் | முதல் தொற்று (அலகு) | இரண்டாம் தொற்று (அலகு) |
|---|---|---|
| 0 | 0 | 4 |
| 4 | 0 | 10 |
| 8 | 5 | 300 |
| 12 | 30 | 500 |
| 16 | 50 | 470 |
| 24 | 20 | 400 |
| 40 | 6 | 320 |

கிடை அச்சில் நாள், 1 செ.மீ.க்கு 10 நாள். அப்போது 1 மி.மீ. ஒரு நாளுக்குச் சமம், 4, 8, 12 எல்லாம் சிரமமில்லாமல் விழும். அச்சு 0 முதல் 100 வரை போதும். செங்குத்து அச்சில் எதிர்ப்பொருளின் அளவு, 1 செ.மீ.க்கு 25 அலகு. 500 அலகுக்கு 20 செ.மீ. உயரம் ஆகும், எனவே தாளை நெட்டுவாக்கில் வைக்க வேண்டும். இதை முதலில் சொல்லாவிட்டால் பாதி வகுப்பு தாளைக் குறுக்கே வைத்துப் பாதியில் மாட்டிக்கொள்ளும்.

செங்குத்து அச்சை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால், முதல் தொற்றின் உச்சமான 50ஐப் பார்த்து அச்சை 60 வரை போட்டுவிடுவார்கள். பிறகு 500க்கு இடமிருக்காது. தரவு முழுவதையும் பார்த்த பிறகே அச்சைப் போட வேண்டும் என்பதைக் கற்பிக்க விரும்பினால், அந்தப் பிழையை நடக்கவிட்டுத் திருத்தலாம். நேரம் குறைவென்றால் அளவைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் தொற்றின் நாட்களைக் குறிக்கும்போது ஒவ்வொன்றோடும் 60ஐக் கூட்ட வேண்டும். 4ஆம் நாள் என்பது அச்சில் 64. இதை மறந்தவரின் தாளில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். 0ஆம் நாளிலும் 60ஆம் நாளிலும் கீழே அம்புக்குறி போட்டு "தொற்று" என்று எழுதச் சொல்லுங்கள்.

40ஆம் நாளின் 6 அலகையும் 60ஆம் நாளின் 4 அலகையும் கோட்டால் இணைக்க வேண்டும். அது பூச்சியத்தைத் தொடக்கூடாது. முந்தைய தொற்றின் மிச்சம் அது.

புள்ளிகளைக் கையால் மென்மையாக இணைக்கட்டும். வரைந்து முடித்ததும் முதல் மேடு தாளின் அடியில் 2 செ.மீ. உயரத்தில் சிறு திட்டாகவும், இரண்டாவது தாளின் உச்சி வரைக்கும் நிற்கும். அந்த வித்தியாசத்தைச் சில நொடிகள் பார்க்க விடுங்கள்.

6. வரைபடத்தைப் படித்தல்

"இரண்டாம் முறை எவ்வளவு வேகம்?" என்று கேட்டால் மாணவர்கள் உச்சத்துக்கு ஆன நாட்களை ஒப்பிடுவார்கள். முதல் முறை 16 நாள், இரண்டாம் முறை 12 நாள். வித்தியாசம் நான்கே நாள், இதற்கா இவ்வளவு என்று தோன்றும்.

ஒப்பீட்டில்தான் கோளாறு. இரண்டு உச்சங்களும் ஒரே உயரத்தில் இல்லை. பத்து மடங்கு உயரத்துக்கு ஏறியதை, தாழ்ந்த உச்சத்துக்கு ஏறியதோடு ஒப்பிடுகிறோம். ஒரே அளவை இரண்டும் எப்போது எட்டின என்று கேட்க வேண்டும். 50 அலகில் ஒரு கிடைக்கோடு போடச் சொல்லுங்கள். முதல் கோடு அதை 16ஆம் நாள் தொடுகிறது. இரண்டாவது, தொற்றுக்குப் பின் 5ஆம் நாளை ஒட்டியே கடந்துவிடுகிறது. வேகம் என்பது இதுதான்.

பலர் இங்கே "65ஆம் நாள்" என்று எழுதுவார்கள். அச்சின் தொடக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். நேரத்தை எப்போதும் அந்தந்தத் தொற்றின் அம்புக்குறியிலிருந்து எண்ண வேண்டும்.

வரைபடத்திலிருந்து நான்கு செய்திகளை எடுக்க வேண்டும்: இரண்டாம் முறை தாமதம் குறைவு, ஏற்றம் செங்குத்து, உச்சம் உயரம், இறக்கம் மெதுவாக. முதல் மூன்றுக்கும் படி 4இன் கணக்கிலேயே விடை இருக்கிறது. நான்காவதுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் தேவை. முதல் தொற்றில் முதலில் வருவது பெரும்பாலும் ஐஜிஎம் என்ற வகை எதிர்ப்பொருள், அது சில நாட்களில் பாதியாகிவிடும். இரண்டாம் முறை பெரும்பாலும் ஐஜிஜி வகை. அது பாதியாக ஏறத்தாழ 21 நாள் ஆகும். எலும்பு மஜ்ஜையில் தங்கும் பிளாஸ்மா செல்களும் இப்போது அதிகம். மேல்வகுப்பு மாணவராக இல்லாவிட்டால் வகைகளின் பெயரை விட்டுவிடலாம்.

60ஆம் நாளில் மிஞ்சியிருந்த 4 அலகைப் பற்றித் தனிக் கேள்வி ஒன்று அவசியம்: "இந்த 4 அலகு மட்டும் இருந்து, நினைவு செல்கள் இல்லாமல் இருந்தால் இரண்டாம் கோடு எப்படி இருக்கும்?" கோடு முதல் தொற்றைப் போலவே மெதுவாக ஏறும், தொடக்கம் மட்டும் 4இல் இருக்கும். "எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கிறது" என்ற பாதி விடையை முழுசாக்குவது இந்தக் கேள்விதான்.

7. தடுப்பூசியைச் சேர்த்தல்

இவ்வளவு தூரம் வந்த பிறகு தடுப்பூசிக்கு அதிக விளக்கம் தேவையில்லை. அதே வரைபடத்தில் 0ஆம் நாள் அம்புக்குறியின் கீழுள்ள "தொற்று" என்பதை அழித்துவிட்டு "தடுப்பூசி" என்று எழுதச் சொல்லுங்கள். மற்ற எதையும் மாற்ற வேண்டாம். 60ஆம் நாள் வருவது உண்மையான கிருமி. உடலைப் பொறுத்தவரை அது இரண்டாம் சந்திப்பு.

தடுப்பூசிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு "எதிர்ப்பொருள்" என்று எழுதுபவர் பலர். இல்லை. அதில் இருப்பது ஆன்டிஜென், அல்லது ஆன்டிஜெனைச் செய்வதற்கான குறிப்பு. வீரியம் குறைத்த கிருமி, செயலிழக்கச் செய்த கிருமி, கிருமியின் ஒரு துண்டு, அதன் நச்சைத் தீங்கற்றதாக்கிய வடிவம், அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்என்ஏ, இப்படிப் பல வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் குறி ஒன்றுதான்: நோயின் ஆபத்தைச் சந்திக்காமலே 10ஐ 640 ஆக்குவது.

இங்கிருந்து இரண்டு நடைமுறைக் கேள்விகள் தாமாகவே வரும். ஊசி போட்ட மூன்றாம் நாளே பாதுகாப்பு உண்டா? படி 4இன் கணக்கைப் பார்த்தால் இல்லை என்று தெரியும், அந்த 8 நாளும் உடலுக்கு வேண்டும். ஏன் சில தடுப்பூசிகளுக்கு இரண்டாம், மூன்றாம் தவணை? ஒவ்வொரு தவணையும் நினைவு செல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அத்துடன் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் செய்யும் செல்கள் தேர்வாகின்றன. தவணைகளுக்கு நடுவே இடைவெளி விடுவதும் அதற்காகத்தான், அந்தத் தேர்வு நடக்க வாரங்கள் ஆகும்.

8. எதிர்ப்பொருளையே ஏற்றினால் என்ன ஆகும்

நினைவு செல்லின் பங்கு புரிந்ததா என்று பார்க்க இந்தக் கேள்வியைப் போல வேறில்லை. ஒருவருக்கு வேறொருவரின் இரத்தத்திலிருந்து எடுத்த தயார் எதிர்ப்பொருளை ஊசியாகப் போடுகிறார்கள். 0ஆம் நாள் 400 அலகு. 21 நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது. 210 நாள் கழித்துக் கிருமி வந்தால்?

210 நாளில் 10 முறை பாதியாகும்: 400, 200, 100, 50, 25 என்று இறங்கிக் கடைசியில் 0.4 அலகு. இந்தக் கோட்டில் தாமதமே இல்லை, ஊசி போட்டவுடன் உச்சம், அப்புறம் இறக்கம் மட்டும். பி செல் எதுவும் பெருகவில்லை, நினைவு செல் எதுவும் உருவாகவில்லை. எனவே 210ஆம் நாள் வரும் கிருமிக்கு உடலின் பதில் முதல் தொற்றின் பதிலாகவே இருக்கும். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வருவதும் இதே கதைதான். சில மாதங்களில் அது தேய்ந்துவிடும்.

அறிவியல் படிப்பில் நன்றாகச் செய்யும் மாணவர்கள்கூட இங்கே 210ஆம் நாளில் உயரமான இரண்டாம் மேட்டை வரைவதைப் பார்க்கலாம். வரைந்தால், "எந்த அட்டை பெருகியது?" என்று மட்டும் கேளுங்கள்.

9. இந்த வேகம் போதாத இடங்கள்

இதை விட்டுவிட்டால் மாணவர்கள் எல்லா நோய்க்கும் ஒரே விதி என்று நினைத்துவிடுவார்கள். மூன்று நோய்கள் போதும்.

தட்டம்மை கணக்குக்குச் சரியாகப் பொருந்தும். அறிகுறி தெரிய 10 நாளை ஒட்டி ஆகும், நினைவு செல்களுக்கு வேண்டிய அவகாசம் கிடைக்கிறது. வைரஸின் ஆன்டிஜெனும் பெரிதாக மாறுவதில்லை. 1846இல் பாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் கவனித்தது இதற்குச் சான்று. அதற்கு முந்தைய பரவல் 1781இல் நடந்தது. அப்போது தட்டம்மை வந்து பிழைத்திருந்த முதியவர்கள் எவருக்கும் 65 ஆண்டு கழித்து அது மறுபடி வரவில்லை. இடையில் தீவில் அந்த நோயே இல்லை. தாளில் இதைக் கொடுத்து, "இதிலிருந்து நோய்த்தடுப்பு எவ்வளவு காலம் நீடிக்கும் என்று சொல்லலாம்? இடையில் நோய் இல்லை என்ற செய்தி ஏன் முக்கியம்?" என்று கேளுங்கள். இடையில் கிருமி வந்திருந்தால், பாதுகாப்பு அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டிருக்கலாம் அல்லவா?

இன்ஃபுளுவென்சா இரண்டு வகையில் ஏமாற்றும். அறிகுறி 2 நாளிலேயே வந்துவிடலாம், நம் கணக்கின் 4 நாளுக்கு அது காத்திருக்காது. அதன் மேற்பரப்புப் புரதங்களும் மாறிக்கொண்டே இருக்கும், பழைய அட்டை புதிய ஆன்டிஜெனுக்குச் சரியாகப் பொருந்தாமல் போகும். அதனால்தான் அதன் தடுப்பூசி அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது.

டெட்டனஸ் இன்னும் விசித்திரம். நோயை உண்டாக்கும் நச்சு மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்துவிடும். அந்த அளவு, நினைவை உண்டாக்கக்கூடப் போதாது. எனவே டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட வேண்டியிருக்கிறது. நச்சு நரம்பைப் பிடிக்கும் முன்பே எதிர்ப்பொருள் இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும் என்பதால் ஊக்கத் தவணைகள் தேவைப்படுகின்றன. தடுப்பூசி சரியாகப் போடாதவருக்கு அழுக்கான காயம் பட்டால், தயார் எதிர்ப்பொருளையும் தடுப்பூசியையும் சேர்த்தே கொடுப்பார்கள். ஏன் இரண்டும் என்று கேட்டால், படி 7ஐயும் படி 8ஐயும் இணைத்து மாணவரால் சொல்ல முடிய வேண்டும்: தயார் எதிர்ப்பொருள் இன்றைக்கு, தடுப்பூசி அடுத்த முறைக்கு.

10. விடை எழுதுதலும் மதிப்பிடுதலும்

கடைசிக் கேள்வி நான்கு மதிப்பெண்ணுக்கு: "ஒருவருக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துத் தட்டம்மை வைரஸ் அவர் உடலில் நுழைகிறது. அவருக்கு நோய் வராததை விளக்குக."

நான் எதிர்பார்க்கும் விடை இப்படி இருக்கும்: "தடுப்பூசியிலிருந்த ஆன்டிஜெனுக்குப் பொருந்திய பி செல்கள் பெருகி எதிர்ப்பொருளைச் செய்தன. அவற்றில் சில நினைவு செல்களாகத் தங்கின. அதே ஆன்டிஜெனுடன் வைரஸ் வந்தபோது, எண்ணிக்கையில் அதிகமாக இருந்த நினைவு செல்கள் சீக்கிரம் தூண்டப்பட்டுப் பெருகி, குறைந்த நாட்களில் அதிக எதிர்ப்பொருளைத் தந்தன. அறிகுறி உண்டாகும் அளவுக்கு வைரஸ் பெருகும் முன்பே எதிர்ப்பொருள் அதைப் பிடித்துவிட்டது."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மதிப்பெண். நாலாவது வாக்கியத்தைத்தான் அதிகம் பேர் விடுவார்கள். எதிர்ப்பொருள் வேகமாக வந்தது என்று சொல்லிவிட்டு, அதனால் நோய் ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். வைரஸும் அதே நேரத்தில் பெருகிக்கொண்டிருந்தது என்ற போட்டி விடையில் தெரிய வேண்டும்.

இந்தச் சொற்கள் விடையில் வந்தால் நிறுத்திக் கேளுங்கள்: "உடல் பலமாகிவிட்டது" என்றால் எந்தச் செல், எத்தனை ஆனது? "எதிர்ப்பொருள் கிருமியை நினைவில் வைத்திருக்கிறது" என்றால் எதிர்ப்பொருள் ஒரு புரதம், தங்கியிருப்பது செல். "நினைவு செல் கிருமியைக் கொல்கிறது" என்றால் அது பிரிந்து பிளாஸ்மா செல்லான பிறகுதான் எதிர்ப்பொருள் வெளியே வருகிறது. "எல்லா நோயிலிருந்தும் பாதுகாப்பு" என்று எழுதியவரிடம் அவர் வெட்டிய அட்டையையே திருப்பிக் கொடுத்து, வேறொரு ஆன்டிஜென் அட்டையைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.